காய்ச்சல் இறங்கிய நாளில் எடுத்த ரத்தம்

ஒரு பெண் குதிரைக்கு 104 டிகிரி காய்ச்சல் அடிக்கிறது. தீவனம் தொடவில்லை. மூன்றாம் நாள் மருத்துவர் வருவதற்குள் காய்ச்சல் தானாகவே இறங்கிவிட்டது. ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எதுவும் இல்லை. வீட்டார் நிம்மதியடைகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் காய்ச்சல். இந்த முறை அடிவயிறும் கால்களும் வீங்கியிருக்கின்றன, ஈறு வெளுத்திருக்கிறது, நடக்கும்போது பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. இது சர்ரா நோய் வழக்கமாகக் காட்டும் முகம். சிகிச்சையில்லாவிட்டால் பெரும்பாலான குதிரைகள் பிழைப்பதில்லை.

இந்தக் கிருமியை 1880-ல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில், நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டவர் கிரிஃபித் எவன்ஸ். அவர் பெயரால்தான் அது டிரிப்பனோசோமா எவன்சி ஆனது. ரத்தம் குடிக்கும் பெரிய குதிரை ஈக்கள் இதைப் பரப்புகின்றன. ஈ கடித்தால் வலிக்கும். மாடு வாலால் விரட்டும். பாதியில் எழுந்த ஈ, வாயில் ஈர ரத்தத்தோடு பக்கத்தில் நிற்கும் குதிரையில் உட்கார்ந்து மிச்சப் பசியைத் தீர்த்துக்கொள்ளும். கிருமி இடம் மாற அவ்வளவே போதும்.

மருத்துவர் முதலில் செய்வது எளிய சோதனை. புதிதாக எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மெல்லிய மூடுதகட்டால் மூடிப் பார்ப்பார். கிருமி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் அசைவு தெரிந்துவிடும்: ஓரிடத்தில் மட்டும் சிவப்பணுக்கள் முட்டித் தள்ளப்படும். ஜீம்சா சாயம் ஏற்றிய ரத்தப் பூச்சில் உருவமும் தெரியும். சிவப்பணுவைப்போல நான்கைந்து மடங்கு நீளம், ஒல்லியான உடல், விளிம்பில் அலையலையான சவ்வு, நுனியில் சாட்டை. மாட்டு ரத்தத்தில் இன்னொரு டிரிப்பனோசோமும் உண்டு. தைலேரி எனப்படும் அது இதைவிட இரு மடங்குக்கு மேல் பெரியது. பெரும்பாலும் தீங்கு செய்யாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகள் இருந்தால்தான் இந்தச் சோதனையில் உறுதியாகக் கண்ணில் படும். காய்ச்சல் ஏறும்போது எண்ணிக்கை அந்த அளவைத் தாண்டும், இறங்கியதும் சரியும். முதல் ரத்தம் இறங்கிய நாளில் எடுத்தது. அதனால்தான் அதில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தை நுண்குழாயில் சுழற்றி, வெள்ளையணுக்கள் படியும் மெல்லிய அடுக்கைப் பார்த்தால் குறைந்த எண்ணிக்கையிலும் பிடிபடலாம். பிசிஆர் சோதனை இன்னும் நுட்பமானது.

எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது? கிருமியின் உடல் முழுவதையும் ஒரே வகைப் புரதம் சட்டைபோலப் போர்த்தியிருக்கிறது. குதிரையின் உடல் அந்தச் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும், கிருமிகள் கொத்துக்கொத்தாகச் சாகும், காய்ச்சல் இறங்கும். இதற்குள் சில கிருமிகள் வேறு சட்டைக்கு மாறியிருக்கும். பழைய எதிர்ப்பொருள் அவற்றைத் தொடாது. அவை பெருகும்போது அடுத்த காய்ச்சல் வருகிறது. தடுப்பூசி இல்லாததற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் மருந்து கொடுத்து ஒழிக்கலாமே? கைவசம் உள்ளவை சில பழைய மருந்துகள்தான். குதிரைக்கு இந்தியாவில் பெரும்பாலும் குயினாபிரமின் போடுகிறார்கள். கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் அளவு. 300 கிலோ குதிரைக்குக் குறைந்தது 900 மில்லிகிராம் வேண்டும். எடையைக் கண்மதிப்பில் 200 கிலோ என்று வைத்து 600 போட்டால், தப்பிய கிருமிகள் மருந்தையே தாங்கப் பழகும். கூட்டிப் போட்டால் வியர்வை, நடுக்கம், வயிற்றுவலி வரும். ஊசி போட்ட இடமும் வீங்கும். அதனால் அளவைப் பிரித்துப் போடுவதுண்டு. மாடுகளுக்குக் கைகொடுக்கும் டிமினசினைக் குதிரையின் உடல் அவ்வளவாகத் தாங்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் மூளையில் இருக்கிறது. கிருமி மூளைக்குள் நுழைந்துவிடும். இந்த மருந்துகளோ அங்கே போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் ரத்தம் சுத்தமாகத் தெரியும். குதிரை தின்னத் தொடங்கும். வாரங்கள் கழித்து மூளையிலிருந்து கிருமி மீண்டும் ரத்தத்துக்கு இறங்கும். தள்ளாட்டம் தொடங்கிய பிறகு வரும் குதிரையைக் காப்பாற்றுவது கடினமாவது இதனால்தான்.

இன்னொரு பதுங்குமிடம் பக்கத்துக் கொட்டில். மாட்டிலும் எருமையிலும் இந்தக் கிருமி பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். பால் சற்றுக் குறையும், சினை கலையலாம். சில மாடுகள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, தலையைச் சுவரில் முட்டி, திடீரென்று விழும். மற்றவை நன்றாகவே மேயும். குதிரை குணமானாலும், ஒரே ஈ போதும், அந்த மாட்டின் ரத்தத்தை மறுபடி கொண்டுவர.

ஆகவே அந்தப் பெண் குதிரைக்குச் செய்ய வேண்டியவை இவை: காய்ச்சல் ஏறும் நேரத்திலேயே மருத்துவரை அழைப்பது, எடை பார்த்து முழு மருந்து போடுவது, கூடக் கட்டியிருக்கும் மாடுகளின் ரத்தத்தையும் சோதிப்பது, ஊசிக்குப் பிறகும் சில மாதங்கள் வெப்பநிலையைக் குறித்துவைத்து, ஏறும் நாளில் மறுபடி ரத்தம் எடுப்பது. தகட்டில் கிருமி தெரிந்தால் நோய் உறுதி. தெரியாவிட்டால், அந்தச் சொட்டில் இல்லை என்பது மட்டுமே உறுதி.