கவிதைக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு குறிப்பு: எப்போ வேணும், எப்போ வேண்டாம்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கவிதை அனுப்பியிருந்தீங்க. படிக்கும்போது ஒண்ணு கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் கவிதைகள் கவிதையாகவே ஆரம்பிக்கலை. முதலில் "இன்னாருக்கு" என்று ஒரு சமர்ப்பணம், இல்லைன்னா யாரோ ஒரு பெரியவருடைய மேற்கோள். அதுவும் இல்லைன்னா கடைசியில் "இந்தக் கவிதை எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்றால்" என்று ஒரு பத்தி. இதெல்லாம் கவிதைக்கு உதவி செய்கிறதா, இல்லை ஊன்றுகோலா நிற்கிறதா? இன்னைக்கு இதை மட்டும் பேசுவோம்.

இது நமக்குப் புதுசு இல்லை. புறநானூற்றைத் திறந்தால் பெரும்பாலான பாட்டுகளுக்கு அடியில் திணை, துறை, யாரை யார் பாடியது என்று ஒரு குறிப்பு இருக்கும். இந்தக் குறிப்புகளைப் பாடினவர்கள் எழுதலை. பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது என்றுதான் ஆய்வாளர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். அதனால நமக்கு ஒரு வசதி. பாட்டு தனி, குறிப்பு தனி. குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படிக்கலாம், அப்புறம் திறந்து பார்க்கலாம்.

முதலில் 112-ஆம் பாட்டு. பாரி மகளிர் பாடியது என்று குறிப்பு சொல்கிறது. அதை மறைச்சிடுங்க. ஐந்தே அடியில் பாட்டு சொல்வது இதுதான்: போன மாதம் இதே நிலா காய்ந்தபோது எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் நிலா காயும்போது முரசு கொட்டி வென்ற அரசர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. பாரி யார், பறம்பு எங்கே இருக்கு, எதுவும் தெரியாத ஒருத்தருக்குக்கூட இது போய்ச் சேரும். என்ன போச்சு, எவ்வளவு சீக்கிரம் போச்சு, பேசுவது யார், எல்லாமே பாட்டுக்குள்ள இருக்கு. குறிப்பைத் திறந்தால் பெயர்கள் கிடைக்கும், பின்னால் ஒரு வரலாறு விரியும். ஆனால் பாட்டு அந்தப் பெயருக்காகக் காத்துக்கொண்டு இருக்கலை.

அடுத்து 74-ஆம் பாட்டு. இதையும் மறைச்சுப் படிங்க. எங்கள் குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆளாக மதித்து வாளால் வெட்டித்தான் புதைப்பார்கள். அப்படிப்பட்ட குடியில் பிறந்துவிட்டு, சங்கிலியில் கட்டிய நாய் மாதிரி கிடந்து, பகைவர் தரும் சிறு உதவியை வயிற்றுத் தீ தணிய இரந்து உண்பதற்கா பெற்றார்கள்? இதுதான் பாட்டு. அவமானம் முழுசா வந்துடுது. ஆனால் பேசுவது யார், இதுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று பாட்டு சொல்லலை. குறிப்பு சொல்கிறது: இவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானோடு போரிட்டுப் பிடிபட்டு, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். தண்ணீர் கேட்டான், உடனே தரலை. தாமதமாக வந்ததைக் குடிக்காமல் கையில் வைத்தபடியே இறந்தான்.

இந்த இடத்தைக் கவனிங்க. தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சாகும் அந்தக் காட்சி குறிப்பில்தான் இருக்கு, பாட்டில் இல்லை. பாட்டைப் படித்து நாம் கலங்கும்போது அதில் பாதி குறிப்பு தந்த கலக்கம். இன்னொரு சிக்கலும் இருக்கு. களவழி நாற்பது பற்றி வழங்கிவரும் மரபு, பொய்கையார் அந்த நூலைப் பாடி இதே சேரனைச் சிறையிலிருந்து மீட்டார் என்று சொல்கிறது. குறிப்பு அவன் சிறையில் இறந்தான் என்கிறது, மரபு மீண்டான் என்கிறது. எதை நம்புகிறோமோ அதுக்கு ஏற்ற மாதிரி 74-ஐப் படிக்கும் விதமும் மாறும். 112-க்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அதைப் பாடினது பாரி மகளிர் இல்லை என்று நாளைக்கே யாராவது நிறுவினாலும், அப்பாவையும் மலையையும் இழந்த பிள்ளைகளின் பாட்டாக அது அப்படியே நிற்கும்.

74 மோசமான பாட்டு என்று நான் சொல்லலை. சங்கிலி நாய் ஒண்ணே போதும், அதை மறக்க முடியாது. நான் சொல்ல வருவது, குறிப்பு எடுத்துக்கொள்கிற வேலை இரண்டு வகை. ஒண்ணு, பாட்டு தன் குரலில் சொல்லவே முடியாததைச் சொல்வது. சிறையில் கிடக்கிறவன் தன் ஊரையும் பெயரையும் தனக்கே அறிமுகம் செய்துகொள்ள மாட்டான், அதைக் குறிப்பு சொல்வதுதான் முறை. இன்னொண்ணு, வாசகருக்குள் நடக்க வேண்டியதைக் குறிப்பே நடத்திக் காட்டுவது. நாம் எழுதும்போது மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவதில்தான்.

நம்ம துறைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கோடுக்கு மேல் எழுதும் கமென்ட், "ஏன் இப்படிச் செய்திருக்கு" என்று சொன்னால் உதவி. "இந்த வரி என்ன செய்கிறது" என்று விளக்க ஆரம்பித்தால், அநேகமாக அந்த வரியைத்தான் திருத்தி எழுதணும்.

இப்போ ஒரு உதாரணத்தில் செய்து பார்ப்போம். யாருடைய கவிதையையும் எடுத்துக் கிழிக்க வேண்டாம் என்று, இந்த எபிசோடுக்காக நானே ஆறு வரி எழுதினேன்.

பெட்டி வந்துவிட்டது.
மடிப்புக் கலையாத சட்டை மூன்று.
பாதி தேய்ந்த சோப்பு.
தங்கைக்கு ஒரு பேசும் பொம்மை.
பொம்மை விளையாடும் வயதைத் தாண்டி
அவளுக்கு நான்கு வருடம் ஆகிறது.

இதுக்கு ஒரு பின்குறிப்பு போடுகிறோம் என்று வைங்க: "வளைகுடாவில் வேலை செய்து அங்கேயே இறந்த தந்தையின் உடைமைகள் ஊர் வந்து சேர்ந்த நாளைப் பற்றியது." இப்போ குறிப்பை மறைத்துவிட்டு, இதுவரை இதைப் படிக்காத இரண்டு பேரிடம் கொடுங்க. "நல்லா இருக்கா" என்று கேட்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. "என்ன நடந்தது, யாருக்கு நடந்தது" என்று மட்டும் கேளுங்க. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறார், பாவம், மகளின் வயதை மறந்துட்டார் என்று அவங்க சொல்லலாம். அது தப்பான வாசிப்பு இல்லை. என் வரிகள் அவ்வளவுதான் சொல்கின்றன. சாவு குறிப்பில் மட்டும்தான் இருக்கு.

அப்போ செய்ய வேண்டியது குறிப்பை இன்னும் அழகாக எழுதுவது இல்லை. சாவைக் கவிதைக்குள் கொண்டுவர எத்தனை சொல் வேணும் என்று பார்ப்பது. "பெட்டி வந்துவிட்டது" என்பதை "பெட்டி மட்டும் வந்தது" என்று மாற்றினேன். ஒரே ஒரு "மட்டும்". ஆள் வரலை என்பது அதிலேயே இருக்கு. இப்போ பாதி தேய்ந்த சோப்பு வேற மாதிரி படிக்கும், மீதிப் பாதியைத் தேய்க்க ஆள் இல்லை. பின்குறிப்பை எடுத்துவிடலாம், எதுவும் குறையாது. உங்கள் குறிப்பில் இருக்கும் விஷயத்தை ஒன்றிரண்டு சொல்லில் உள்ளே வைக்க முடிந்தால் அந்தக் குறிப்பு ஊன்றுகோல்தான்.

சமர்ப்பணம் பார்ப்போம். மேலே "அப்பாவுக்கு" என்று போட்டால் பெட்டி யாருடையது என்பது தெரிந்துவிடும், அது லாபம். ஆனால் முதல் வரிக்கு முன்னாடியே வாசகர் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வருவார். அப்பா பற்றிய கவிதையை யாரும் கறாராகப் படிக்க மாட்டாங்க. அந்தச் சலுகை கவிதைக்குக் கிடைக்கிற பாராட்டு இல்லை. இதுக்குப் பதிலா "தங்கைக்கு" என்று போட்டால்? அண்ணனோ அக்காவோ தங்கையிடம் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அவளுக்கு அந்தப் பொம்மை என்னவாக இருந்தது என்ற கேள்வி வருகிறது. உள்ளே இல்லாத ஒரு உறவை இது சேர்க்கிறது, அதனால வைத்துக்கொள்ளலாம். "ச-வுக்கு" மாதிரி வெறும் எழுத்து என்றால் அது அந்த ஒருத்தருக்கான பரிசு. போடுவது உங்கள் உரிமை, ஆனால் மற்ற வாசகர்களுக்கு அதனால் ஒண்ணும் கிடைக்காது என்று தெரிந்து போடுங்க.

கடைசியா, முகப்பு மேற்கோள். இந்த ஆறு வரிக்கு மேல் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளை வைத்தால் என்ன ஆகும்? கவிதை எங்கே போய் நிற்கப் போகிறதோ அந்த இடத்தைக் குறள் முன்னாடியே சொல்லிவிடும். அப்புறம் வரும் சோப்பும் பொம்மையும் அதுக்கு உதாரணம் ஆகிவிடும். வள்ளுவர் பக்கத்தில் நிற்க என் வரிகளால் முடியாது, அது வேற விஷயம். இப்போ இதை வைத்துப் பாருங்க. வெளிநாட்டிலிருந்து பழைய சாமான் அனுப்பும்போது சுங்கத்துக்கான தாளில் எழுதும் வாசகம்: "உபயோகித்த சொந்தப் பொருட்கள். வணிக மதிப்பு இல்லை." இதை மேலே போட்டுவிட்டு ஆறு வரியைப் படிங்க. ஒரு அலுவலகக் குரல், ஒரு வீட்டுக் குரல். மதிப்பு இல்லை என்று ஒன்று சொல்லும்போது, இன்னொன்று சட்டையை எண்ணிக்கொண்டு இருக்கு. இந்த உரசல் கவிதைக்குள் இருந்து வர முடியாது, ஏன்னா பெட்டியைத் திறக்கும் பிள்ளை அந்த மொழியில் பேச மாட்டான். கவிதையை ஆமோதிக்கிற மேற்கோளைவிட, அதோடு முரண்டு பிடிக்கிற மேற்கோள்தான் பெரும்பாலும் தன் இடத்துக்கு வாடகை கொடுக்கிறது.

சரி, குறிப்பு கட்டாயம் வேணும்னு ஆகிற இடம் எது? உண்மையில் நடந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது. மூடிய கதவு, எரியும் குடிசை என்று ஒரு கவிதை எழுதறீங்க. அதன் கீழே "கீழ்வெண்மணி, 25 டிசம்பர் 1968" என்று ஒரு வரி இருந்தால் அது ஊன்றுகோல் இல்லை. அது இல்லாமல் போனால் அங்கே எரிந்தவர்கள் வெறும் உவமை ஆகிவிடுவார்கள். அந்த வரி ஊரையும் நாளையும் மட்டும் சொல்கிறது, தேட விரும்புகிறவருக்கு வழி விடுகிறது. என்ன உணரணும் என்று சொல்லலை. "கொடூரமான" என்று ஒரு சொல் அதில் சேர்ந்தால் போதும், குறிப்பு கவிதையின் வேலையில் கை வைத்துவிட்டது என்று அர்த்தம்.

முடிந்தவரை குறிப்பைப் புறநானூறு மாதிரி அடியிலேயே வைங்க. வாசகர் முதலில் கவிதையைத் தனியாகச் சந்திக்கட்டும். அனுப்புவதற்கு முன்னாடி குறிப்பை மறைத்து இரண்டு பேரிடம் கொடுத்து, அவங்க சொன்ன பதிலையும் கவிதையோடு சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அப்படி வந்ததில் இரண்டை எடுத்துப் பேசுவோம்.