ஒரே கேபிளில் 15 மின்கார்கள்: பேஸ்மென்ட் பார்க்கிங்கின் மே மாதக் கணக்கு

அடுக்ககத்தில் முதல் இரண்டு மின்கார்களுக்குச் சார்ஜர் பொருத்தும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து பேஸ்மென்ட்டுக்கு ஒரு கேபிள் இழுத்தால் வேலை முடிந்தது. ஐந்தாறு கார்கள் சேர்ந்த பிறகு ஒரு கோடை இரவில், பதினொன்றரை மணி வாக்கில், மெயின் பிரேக்கர் விழுந்து மொத்தக் கட்டடமும் இருளாகிறது. எலக்ட்ரீஷியன் வந்து தூக்கிவிடுகிறார், மின்சாரம் வந்துவிடுகிறது. பழுது எதுவும் கண்ணில் படாது. காரணம், பழுது எதுவும் இல்லை, சுமைதான் கூடியிருக்கிறது.

எல்லா வீடுகளுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தாலும், அவை அத்தனைக்கும் மின்சாரம் வருவது பெரும்பாலும் மெயின் பேனலுக்கு வரும் ஒரே கேபிள் வழியாகத்தான். அந்தக் கேபிளுக்கு ஓர் எல்லை உண்டு, அதைக் காக்கும் பிரேக்கருக்கும் உண்டு. சென்னையில் 48 வீடுகள் உள்ள ஒரு கட்டடம் என்றும், மெயின் பிரேக்கர் ஒரு ஃபேஸுக்கு 200 ஆம்பியர் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் விட்டுவிட்டு 180 ஆம்பியரை நம் எல்லையாகக் கொள்ளலாம்.

இந்தக் கட்டடத்தில் ஜனவரி இரவில் ஒரு ஃபேஸில் 60 ஆம்பியர்தான் ஓடுகிறது என்று வையுங்கள். மே மாத இரவில் படுக்கையறை ஏசிகள் எல்லாம் ஓடும்போது அதுவே 150ஐத் தொடும். குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் இரவில் மின்சாரம் மிச்சமிருக்கும், அப்போது சார்ஜ் செய்யுங்கள் என்கின்றன. நம் ஊர்க் கோடைக்கு அது பொருந்தாது. கார் வீடு திரும்பும் நேரமும் ஏசி முழுமூச்சாக ஓடும் நேரமும் இங்கே ஒன்றுதான். எனவே சுமையைப் பதியும் கருவியை மெயினில் மாட்டுவதென்றால் மே மாதத்தில் மாட்ட வேண்டும். டிசம்பரில் எடுத்த அளவை நம்பி முடிவெடுத்தால் கோடையில் ஏமாற நேரும்.

மே இரவில் மிஞ்சுவது ஃபேஸுக்கு 30 ஆம்பியர். சிங்கிள் ஃபேஸில் 7.4 கிலோவாட் தரும் வீட்டுச் சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியர் இழுக்கும். ஆக ஒரு ஃபேஸில் ஒரு காருக்குக்கூட இடமில்லை. ஒரே ஃபேஸில் மூன்று கார்கள் செருகப்பட்டால் ஓட்டம் 246 ஆம்பியராகிவிடும். ஆனாலும் பிரேக்கர் உடனே விழாது. சர்வதேசத் தரப்படி இந்த வகைப் பிரேக்கர், தன் அளவைவிட 5 சதவீதம் கூடினால் இரண்டு மணி நேரத்துக்குள் விழக்கூடாது. 30 சதவீதம் கூடினால் இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 23 சதவீதம் கூடுதலான நம் சுமை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பத்து மணிக்குக் கார்களைச் செருகினால் பதினொன்றரைக்குப் பிரேக்கர் விழுவதன் ரகசியம் இதுதான். விழாமல் இருப்பது இன்னும் மோசம்: கேபிளின் இன்சுலேஷன் இரவெல்லாம் சூடேறி, ஆயுள் குறைந்துகொண்டே போகும்.

இதற்குத் தீர்வு, கார்கள் கேட்பதை அப்படியே கொடுக்காமல் இருப்பது. சார்ஜருக்கும் காருக்கும் இடையே மெல்லிய ஒரு சமிக்ஞைக் கம்பி ஓடுகிறது. இப்போது இத்தனை ஆம்பியருக்கு மேல் எடுக்காதே என்று சார்ஜர் அதன் வழியே சொன்னால், சில நொடிகளில் கார் அந்த அளவுக்கு இறங்கிவிடும். மெயின் கேபிளின் மூன்று ஃபேஸ்களிலும் மின்னோட்டத்தை அளக்கும் வளையங்களை மாட்டுகிறார்கள். எலக்ட்ரீஷியன்கள் இவற்றை சி.டி. என்பார்கள். அவற்றின் அளவைப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, எல்லையில் மீதமிருப்பதை அந்த ஃபேஸில் உள்ள கார்களுக்குப் பங்கிடுகிறது. ஏசி அணைந்தால் பங்கு கூடும், லிஃப்ட் ஓடினால் குறையும்.

சமிக்ஞையால் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு 6 ஆம்பியர். அதற்குக் கீழே சொல்ல வழியில்லை, நிறுத்தத்தான் முடியும். 30 ஆம்பியரை ஆறாறாகப் பிரித்தால் ஒரு ஃபேஸில் ஐந்து கார்கள், மூன்று ஃபேஸிலும் 15 கார்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 1.38 கிலோவாட். எட்டு மணி நேரத்தில் 11 யூனிட். மெதுவாக ஏற்றும்போது இழப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் பேட்டரியில் சேர்வது 9 யூனிட் என்று கொண்டாலும், 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம். அலுவலகம் போய்வர அது தாராளம். ஒரு காருக்கே இடமில்லாத ஃபேஸ், ஐந்து கார்களின் மறுநாள் பயணத்துக்கு வழிசெய்துவிடுகிறது. ஜனவரியில் அதே ஏற்பாடு, மிஞ்சும் 120 ஆம்பியரையும் தானாகவே எடுத்துக் கொடுக்கும்.

15க்கு மேல் கார்கள் வந்தால் முறைவைத்து நிறுத்தி நிறுத்தி ஏற்றலாம். ஆனால் சில கார்கள் நிறுத்தியதும் உறங்கிவிட்டு, திரும்ப அழைத்தால் எழுவதில்லை. காலையில் ஒரு குறிப்பிட்ட மாடல் மட்டும் ஏறாமல் நிற்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் காரை முறையிலிருந்து விலக்கி, 6 ஆம்பியரில் தொடர்ந்து ஏற விடுவது நல்லது.

பொருத்தும்போது நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. கேபிள் இழுக்க வசதியாக இருக்கிறதென்று எல்லாச் சார்ஜர்களையும் ஆர் ஃபேஸிலேயே மாட்டிவிட்டால், மற்ற இரண்டு ஃபேஸ்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வீண். ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றி மாட்ட வேண்டும். அடுத்தது, ஒய் ஃபேஸின் வளையத்தை பி ஃபேஸ் என்று பெட்டியில் பதிவது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு காரை மட்டும் செருகி, கிளாம்ப் மீட்டரால் அதன் ஃபேஸை மெயினில் பிடித்துப் பாருங்கள். திரையில் கூடும் எண்ணும் மீட்டரில் கூடும் எண்ணும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொடர்பு. பேஸ்மென்ட்டில் மொபைல் சிக்னல் எட்டாது. இணையத்தில் எங்கோ இருக்கும் சர்வரை நம்பிப் பங்கிடும் அமைப்பு அங்கே தடுமாறும். கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டடத்துக்குள்ளேயே இருந்து, கம்பி வழியே சார்ஜர்களோடு பேச வேண்டும். அந்தக் கம்பியும் அறுந்தால் சார்ஜர் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். 32 ஆம்பியருக்குத் திரும்பும்படி விட்டிருந்தால், ஓர் எலி கடித்த கம்பியால் கட்டடமே இருளாகும். 6 ஆம்பியருக்கு இறங்கும்படி வைத்தால் 15 கார்களும் ஃபேஸுக்கு 30 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். பணம் கொடுத்து வேலையை ஒப்புக்கொள்ளும் முன், சங்கத்தினர் கண்ணெதிரே கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஓட்டம் இறங்குகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

ஜெனரேட்டருக்கு மாறும்போது சார்ஜர்கள் முழுவதுமாக நிற்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் ஏசிகளோடு சேர்ந்து அவையும் பாயாமல், ஒவ்வொன்றும் சில நிமிட இடைவெளியில் தொடங்க வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகும் ஸ்கூட்டர்களும் கார்களும் இந்தப் பங்கீட்டுக்குக் கட்டுப்படா. அவை எடுப்பதை வீட்டுச் சுமையாகவே கணக்கில் வைத்தாக வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு வரம்பு உண்டு. மூன்று ஃபேஸிலும் 30 ஆம்பியர் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மொத்தம் 165 யூனிட். ஒரு கார் நாளுக்கு 6 யூனிட் இழுத்தால் 27 கார்கள். 25 கார்களை நெருங்கும்போதே மின்வாரியத்திடம் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிப்பது நல்லது. அப்போது மெயின் வளையங்களில் பதிவான ஒரு கோடைக்கால அளவு கையில் இருந்தால், எத்தனை ஆம்பியர் கேட்பது என்பதை ஊகிக்கத் தேவையிருக்காது.