புகார்ப் பதிவேட்டைச் சுருக்குதல்

புகார்ப் பதிவேட்டைத் தொகுக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதை ஒரு புகார் என்று எண்ணுவது என்பதே. ஒரு சமையல் எரிவாயு முகவர் நிலையத்தின் மூன்று மாதப் பதிவேட்டில் 240 பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 36, அதே சிக்கலுக்காக அதே வாடிக்கையாளர் மறுபடி அழைத்தவை என்றால், புகார்கள் 204தான். மறு அழைப்புகளைத் தனியே குறித்துவைக்க வேண்டும்.

அடுத்து, ஐம்பது பதிவுகளை முழுமையாகப் படித்துத் தலைப்புகளை வகுக்கலாம். வாடிக்கையாளரின் கோபத்தை வைத்துப் பிரிக்காமல், சிக்கலின் காரணத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். "சிலிண்டர் இன்னும் வரல" என்ற பதிவுகள் எல்லாம் தாமதம் போலத் தோன்றும். ஆனால் சிலவற்றில், "கொடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு, சிலிண்டர் வரல" என்றிருக்கும். அது பொய்ப்பதிவு, அதைச் சரிசெய்யும் வழியே வேறு.

இப்படிப் பிரித்தால் தாமதம் 92, கூடுதல் கூலி கேட்டல் 51, பொய்ப்பதிவு 38, பிற 23 என வரலாம். ஒரு புகாரில் இரண்டு சிக்கல்கள் இருந்தால் முதன்மையானதில் மட்டும் எண்ணினால்தான் கூட்டுத்தொகை 204ஆக நிற்கும். மறு அழைப்புகளில் 24 பொய்ப்பதிவு பற்றியவை என்றால், எண்ணிக்கையில் மூன்றாவதான அதுவே ஆய்வுக் கூட்டத்தில் முதலில் பேசப்பட வேண்டியது.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு போதும். மிகக் கடுமையான புகாரை விடுத்து, அந்தத் தலைப்பில் பெரும்பாலோர் சொன்னதைப் போன்ற ஒன்றை, பெயரையும் எண்ணையும் நீக்கி, அவர்கள் சொற்களிலேயே தர வேண்டும். கடைசியாக, இன்னொருவர் இருபது பதிவுகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கட்டும். முடிவுகள் பல இடங்களில் மாறுபட்டால், தலைப்புகளின் வரையறை தெளிவாக இல்லை என்று பொருள்.