உச்சியில் நிற்கும் பந்தின் முடுக்கம் என்ன?

செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய், கீழே திரும்பும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? பிளஸ் ஒன் வகுப்பில் இதைக் கேட்டால் பலர் தயங்காமல் சொல்லும் பதில், பூஜ்யம். பந்துதான் நின்றுவிட்டதே!

நின்றது பந்தின் திசைவேகம்தான். முடுக்கமும் பூஜ்யமாகிவிட்டால் திசைவேகத்தை மாற்ற எதுவும் இருக்காது. பந்து அந்தரத்திலேயே தங்கிவிடும். கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மறுபடி கைக்கு வரும்வரை பூமி அதை ஒரே மாதிரிதான் இழுக்கிறது: நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வீதம், கீழ்நோக்கி. ஏறும்போதும் அதே இழுப்பு, உச்சியிலும் அதே, இறங்கும்போதும் அதே.

கணக்குக்கு உட்காரும்போது முதல் வேலை, எந்தத் திசை பிளஸ் என்று முடிவு செய்வது. மேல்நோக்கி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் முடுக்கம் −9.8, கடைசிவரை. பந்து இறங்கத் தொடங்கிவிட்டதே என்று நடுவில் இதைப் பிளஸ் ஆக்குவதுதான் பலர் செய்யும் தவறு.

கிரிக்கெட் பந்து ஒன்றை நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் மேலே எறிவதாகக் கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நல்ல கைவலு உள்ளவரால் முடியும். v = u + at என்ற சமன்பாட்டில் u = 19.6, a = −9.8. ஒரு நொடி கழித்துத் திசைவேகம் 9.8. இரண்டாவது நொடியில் பூஜ்யம், அதுதான் உச்சி. மூன்றாவது நொடியில் −9.8, நான்காவதில் −19.6. பந்து இறங்குகிறது என்பதைச் சமன்பாடே சொல்லிவிட்டது. குறியை யாரும் கையால் மாற்றவில்லை.

முடுக்கம் மைனஸ் என்றால் வேகம் குறைகிறது என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு மூன்றாவது நொடி குழப்பம் தரும். அங்கே முடுக்கம் மைனஸ்தான், வேகமோ கூடுகிறது. பார்க்க வேண்டியது இரண்டு குறிகளையும் சேர்த்து. ஏறும்போது திசைவேகம் பிளஸ், முடுக்கம் மைனஸ். எதிரெதிர் என்பதால் வேகம் குறைகிறது. இறங்கும்போது இரண்டுமே மைனஸ், ஆகவே வேகம் கூடுகிறது.

உச்சியின் உயரத்துக்கு v² = u² + 2as போதும். v பூஜ்யம்; 19.6-ஐ 19.6-ஆல் பெருக்கி, 9.8-இன் இருமடங்கான 19.6-ஆல் வகுத்தால் 19.6 மீட்டர். ஏறக்குறைய ஆறு மாடி உயரம். கைக்குத் திரும்ப நான்கு நொடி. முடுக்கத்தைத் தவறிப்போய் +9.8 என்று எழுதியிருந்தால் உயரம் −19.6 என்றும், உச்சியைத் தொட்ட நேரம் −2 நொடி என்றும் வரும். மேலே எறிந்த பந்துக்கு உச்சி கைக்குக் கீழே, அதுவும் எறிவதற்கு முன்பே! விடையே தவறைக் காட்டிக்கொடுக்கிறது.

இதெல்லாம் காற்றைக் கணக்கில் சேர்க்காத விடைகள். நிஜத்தில் இந்த வேகத்தில் போகும் கிரிக்கெட் பந்து காற்றுத்தடையால் சற்று உயரம் குறைந்து போகும். ஏறிய நேரத்தைவிட இறங்கும் நேரம் சற்றே கூடும்.

குறிகளுக்கு உண்மையான சோதனை மொட்டைமாடிக் கணக்கில்தான். தரையிலிருந்து 24.5 மீட்டர் உயரத்தில், மாடி விளிம்பில் நின்று அதே வேகத்தில் பந்தை மேலே எறிகிறார் ஒருவர். பந்து திரும்பி வரும்போது மாடியைத் தாண்டித் தரையில் விழுகிறது. எத்தனை நொடி? பந்து எவ்வளவு தூரம் ஏறி இறங்கியது என்பது இங்கே வேண்டாம். கிளம்பிய இடத்திலிருந்து எங்கே முடிந்தது என்பதே இடப்பெயர்ச்சி. முடிந்த இடம் கீழே, ஆகவே −24.5. s = ut + ½at² என்பதில் இட்டுச் சுருக்கினால் t² − 4t − 5 = 0.

இங்கே +24.5 என்று எழுதியவருக்குக் கிடைப்பது t² − 4t + 5 = 0. அதற்கு மெய்யான தீர்வே கிடையாது. கணிதம் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். கைக்கு மேலே 24.5 மீட்டரில் பந்து எப்போது இருக்கும் என்று கேட்டிருக்கிறார், அதுவோ 19.6 மீட்டருக்கு மேல் போகவே போகாத பந்து.

சரியான சமன்பாடு தருவது இரண்டு விடைகள்: 5, −1. தரையைத் தொட 5 நொடி. அப்போதைய திசைவேகம் −29.4. கீழ்நோக்கிய திசையைப் பிளஸ் என்று வைத்தும் செய்து பார்க்கலாம். u = −19.6, a = +9.8, s = +24.5, எல்லாக் குறியும் ஒருசேர மாறுவதால் அதே சமன்பாடுதான் வரும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால்தான் ஆபத்து.

மாணவர்கள் பேனாவால் அடித்துவிடும் அந்த −1-க்கும் பொருள் உண்டு. மாடியில் எறிவதற்கு ஒரு நொடி முன்பாக, தரையிலிருந்து வேறொருவர் நொடிக்கு 29.4 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிந்திருந்தால், அது சரியாக இந்தக் கணத்தில் 24.5 மீட்டர் உயரத்தை 19.6 வேகத்தோடு கடந்துகொண்டிருக்கும். அதன்பின் இரண்டு பந்துகளும் ஒன்றையொன்று பிரியாமல் ஏறி இறங்கி, ஒரே நேரத்தில் தரையைத் தொடும்.