துளிக்குள் தலைகீழாய் ஒரு தெரு

மழை நாளில் ஜன்னல் கண்ணாடியில் தங்கி நிற்கும் ஒரு துளியைக் கிட்டே போய்ப் பாருங்கள். அதற்குள் வானம் கீழேயும் தெரு மேலேயும் இருக்கும். உருண்ட நீர்த்துளி ஒரு குட்டிக் குவிலென்ஸ் என்பதால் தூரத்துக் காட்சியைக் கவிழ்த்துக் காட்டுகிறது. கணினி விளையாட்டில் மழை ஜன்னல் வரையப் போகிறவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். துளிக்கு வெளிர்நீலம் பூசி ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்தால், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்போலத்தான் தெரியும். நீருக்கென்று பூசுவதற்கு நிறம் எதுவும் இல்லை. பின்னால் இருப்பதை அது இடம் மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அந்த இடமாற்றத்தை மட்டும் வைத்தே முழு மழையையும் காட்டிய படைப்பு ஒன்று உண்டு. 2017-இல் மார்டைன் ஸ்டைன்ருக்கன் என்பவர், பிக்விங்ஸ் என்ற பெயரில், ஷேடர்டாயில் வெளியிட்ட ‘ஹார்ட்ஃபெல்ட்’. ஷேடர் என்பது திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தனித்தனியே ஓட்டும் சிறிய நிரல். மழை இல்லாத காட்சி முதலில் ஒரு படமாகக் கையில் இருக்கும். துளி இல்லாத இடத்துப் பிக்சல், படத்தில் தனக்கு நேரே உள்ள நிறத்தை எடுத்துக்கொள்ளும். துளி உள்ள இடத்துப் பிக்சல் கொஞ்சம் தள்ளிப் போய் எடுக்கும்.

எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பதைத் துளியின் சரிவு சொல்கிறது. துளியை ஒரு மேடாக எண்ணிக்கொண்டு, இந்த இடத்து உயரத்தையும் மயிரிழை தள்ளிய இடத்து உயரத்தையும் கழித்தால் சரிவு கிடைத்துவிடும். பரப்பு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதைக் குறிக்கும் இதைத்தான் நார்மல் என்கிறார்கள். சாரத்தை இப்படி எழுதலாம்:

```glsl
vec2 e = vec2(.001, 0.);
float h = drops(uv);
vec2 n = vec2(drops(uv+e.xy)-h, drops(uv+e.yx)-h);
vec3 col = texture(scene, uv+n).rgb;
```

60 பிக்சல் அகலமுள்ள ஒரு துளியை எடுத்துக்கொள்வோம். உச்சியில் சரிவு இல்லை. நடுப் பிக்சல் நேரே பார்க்கும். நடுவிலிருந்து 20 பிக்சல் வலப்புறத்தில் மேடு இறங்குகிறது, அதனால் கழித்தால் மறைக்குறி எண் வரும், பார்வை இடப்பக்கம் போகும். அந்தத் தள்ளல் 100 பிக்சல் என்று வைத்தால், நடுவுக்கு 80 பிக்சல் இடப்புறத்து நிறம் இங்கே வந்து உட்காரும். 10 பிக்சல் வலப்புறத்தில் தள்ளல் பாதி, அங்கே 40 பிக்சல் இடப்புறத்து நிறம். இப்படியே கணக்குப் போட்டால், 60 பிக்சல் துளிக்குள் 240 பிக்சல் அகலக் காட்சி சுருங்கி, இடம் வலமாகவும் மேல் கீழாகவும் மாறி அடங்கிவிடுகிறது. லென்ஸ் செய்வதும் இதேதான். கூட்டல் கழித்தல் குறி ஒன்று மாறிப்போனால் காட்சி சுருங்கும், ஆனால் கவிழாது. சரிபார்க்க எளிய வழி: துளியின் அடிப்பகுதியில் வானத்தின் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழிவதில் இன்னும் அழகான யோசனை இருக்கிறது. நிஜத் துளி சீராக இறங்காது. கண்ணாடியைப் பற்றிக்கொண்டு நிற்கும், கனம் கூடியதும் சட்டென்று ஓடும். ஹார்ட்ஃபெல்ட் திரையைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு துளி வைக்கிறது. கட்டங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கீழே நகர்கின்றன. துளியோ சுழற்சி நேரத்தின் 85 சதவீதம் தன் கட்டத்துக்குள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் அது தயங்கி நிற்பதாக நமக்குத் தோன்றும். மீதி 15 சதவீதத்தில் துளியும் கட்டமும் சேர்ந்து இறங்க, விறுவிறுவென்று ஓடுகிறது. ஓடிய தடத்தில் குட்டித் துளிகள் மிஞ்சுகின்றன. கண்ணாடியின் பனிமூட்டம் படத்தின் மங்கலான பிரதி ஒன்றால் வருகிறது; தடம் பட்ட இடத்தில் தெளிவான படம் எடுக்கப்படுவதால் மூட்டம் துடைத்ததுபோல் ஆகிவிடும்.

கோளாறுகளும் இந்தக் கட்டங்களிலிருந்தே வருகின்றன. துளி கட்டத்தின் எல்லையைத் தொட்டால் கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோட்டில் வெட்டுப்படும். பத்திகளை ஆளுக்கொரு அளவு மேலும் கீழும் நகர்த்தாவிட்டால் துளிகள் வரிசை கட்டி நிற்பது அப்பட்டமாகத் தெரியும். திரை ஓரத்தில் வேறொரு சிக்கல்: துளி பார்க்க விரும்பும் இடம் படத்துக்கு வெளியே இருக்கும், அங்கே வரையப்பட்டது எதுவுமில்லை. ஓரத்து நிறமே கோடுகோடாக இழுபட்டு நிற்கும். கேமரா லென்ஸின் மேல் விழுந்த துளி என்றால் ஃபோகஸுக்கு வெளியே இருப்பதால் விளிம்பையும் மங்கலாக்க வேண்டும். கூரான விளிம்பு இருந்தால் அது லென்ஸ் இல்லை, ஜன்னல்தான்.

பெரிய குறை வேறு. இந்த ஷேடருக்கு நினைவு கிடையாது. நேரத்தையும் கட்ட எண்ணையும் வைத்து ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடுவதால், ஒரு துளி இன்னொன்றை விழுங்கிப் பெரிதாக முடியாது. அது வேண்டுமென்றால் லூகாஸ் பெபர் 2015-இல் காட்டிய வழி இருக்கிறது. அவர் துளிகளைப் பட்டியலில் வைத்து, ஒன்றோடொன்று மோதவிட்டுச் சேர்த்தார். ஒவ்வொரு துளியும் ஒரு சிறு படம். அதன் சிவப்பும் பச்சையும் கண்ணுக்கான நிறங்கள் அல்ல, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் பார்ப்பது என்ற எண்கள். பின்புலமாக ஓரிரு நொடி வந்துபோகும் ஜன்னலுக்கு ஹார்ட்ஃபெல்ட் முறையே போதும். ஒரே துளியைப் பார்வையாளர் கண்ணால் தொடரும் அளவுக்கு நெருங்கிய காட்சிக்கு நான் பெபரின் பக்கம்.