கணக்கிலிருந்து பணம் திருடு போனதா? 'மூன்று வேலை நாள்' கணக்கு தெரியுமா?

வெள்ளிக்கிழமை இரவு 11:40. தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தூங்கப் போகும் நேரத்தில் செல்போனில் மெசேஜ் வருகிறது. அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த நிமிடமே இன்னொரு மெசேஜ், 6,000 ரூபாய். அவர் யாருக்கும் ஓ.டி.பி சொல்லவில்லை, எந்த லிங்க்கையும் தொடவில்லை. எப்போதோ எங்கேயோ ஆன்லைனில் பொருள் வாங்கிய கடையின் இணையதளத்திலிருந்து கார்டு விவரம் கசிந்து, ஓ.டி.பி கேட்காத ஒரு வெளிநாட்டுத் தளத்தில் யாரோ அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இது உதாரணத்துக்குச் சொன்ன கதைதான். இந்த 46,000 ரூபாய் யாருடைய நஷ்டம்? 'போனது போனதுதான்' என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டப்படி அப்படி இல்லை. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, இந்த மாதிரி நேரத்தில் யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்று ரூபாய்க் கணக்கிலேயே சொல்கிறது.

முதலில் அது கேட்கும் கேள்வி, தவறு யார் பக்கம் என்பது. வங்கியின் அலட்சியத்தாலோ, வங்கிக்குள் இருப்பவர்களின் மோசடியாலோ பணம் போயிருந்தால் முழுப் பொறுப்பும் வங்கிக்குத்தான். வாடிக்கையாளர் புகார் கொடுத்தாரா, எப்போது கொடுத்தார் என்பதுகூட அங்கே கணக்கில் வராது.

நம் ஆசிரியையின் கதை வேறு. அவர் மேலும் தவறில்லை, வங்கி மேலும் தவறில்லை, நடுவில் எங்கோ ஓட்டை. இங்கேதான் நாள்கணக்கு ஆரம்பிக்கிறது. வங்கியிடமிருந்து தகவல் வந்த பிறகு மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. தகவல் வந்த நாளை இதில் சேர்ப்பதில்லை. கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள்களைத்தான் எண்ண வேண்டும்.

மெசேஜ் வந்தது வெள்ளி இரவு. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அடுத்து ஞாயிறு. ஆக, திங்கள்தான் முதல் நாள். புதன்கிழமைக்குள் சொல்லிவிட்டால் 46,000 ரூபாயும் திரும்ப வர வேண்டும்.

அவர் பேரன் வரட்டும் என்று காத்திருந்து, வியாழன் முதல் அடுத்த திங்களுக்குள், அதாவது நான்கு முதல் ஏழாவது வேலை நாளுக்குள், சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நஷ்டத்தில் அவருக்கும் பங்கு வந்துவிடும். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இந்தப் பங்கின் உச்சவரம்பு 10,000 ரூபாய். ஜன் தன் போன்ற அடிப்படை சேமிப்புக் கணக்காக இருந்தால் 5,000 ரூபாய். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், இந்த வரம்பு மொத்தத் தொகைக்கு அல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனி. அதனால் 40,000 போனதில் அவர் பங்கு 10,000. அடுத்து போன 6,000 வரம்புக்குள்ளேயே இருப்பதால் அது முழுவதும் அவர் தலையில். மொத்தம் 16,000 அவருக்கு நஷ்டம், 30,000 திரும்பி வரும். ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைதான் முடிவு செய்யும். அங்கே உத்தரவாதம் எதுவும் கிடையாது.

ஓ.டி.பி சொல்லிவிட்டால்?

ஏமாந்து ஓ.டி.பி-யையோ பின் நம்பரையோ சொல்லிவிட்டால் அது வாடிக்கையாளரின் அலட்சியம் என்கிறது விதி. அந்த நஷ்டம் அவருடையதுதான். ஆனால், வங்கிக்குப் புகார் சொல்லும் வரைதான் அது. 11:40-க்கு 40,000 போகிறது, 11:50-க்கு அவர் வங்கிக்கு போன் செய்து புகார் எண் வாங்குகிறார், 11:55-க்கு இன்னொரு 6,000 போகிறது என்றால், அந்த 6,000-க்கு வங்கிதான் பொறுப்பு. அதனால்தான் 'காலையில் பிராஞ்ச்சுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்' என்று படுத்துவிடக் கூடாது. 24 மணி நேரமும் புகார் வாங்க வங்கி வழி வைத்திருக்க வேண்டும், புகார் பதிவானதும் அதன் எண்ணைத் தர வேண்டும் என்பதும் இதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது அவசியம். பின்னால் சண்டை வந்தால் அந்த நேரம்தான் சாட்சி.

மோசடிக்காரரை நம்பி, 'முதலீடு' என்றோ 'டிஜிட்டல் அரெஸ்ட்' மிரட்டலுக்குப் பயந்தோ, தானே பின் போட்டு அனுப்பிய பணம் வேறு வகை. அது அனுமதியில்லாத பரிவர்த்தனை அல்ல என்று வங்கிகள் வாதிடும். இந்த விதியை வைத்து அதை மீட்பது கடினம்.

சரி, 'நான் யாருக்கும் சொல்லவில்லை' என்கிறார் வாடிக்கையாளர். 'சொல்லாமல் எப்படிப் போகும்?' என்கிறது வங்கி. யார் நிரூபிக்க வேண்டும்? வங்கிதான். வாடிக்கையாளர் மேல் தவறு என்று காட்டும் பொறுப்பு வங்கிக்கே என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அசாமில் ஒருவர், ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பித் தர முயன்றபோது, கஸ்டமர் கேர் என்று பேசிய மோசடிக்காரரால் 94,204 ரூபாயை இழந்தார். ஒரு நாளுக்குள் வங்கிக்குப் புகார் கொடுத்தார். அவரே ரகசிய எண்களைப் பகிர்ந்ததாக பாரத ஸ்டேட் வங்கி வாதிட்டது. அவருடைய அலட்சியத்துக்கு ஆதாரம் இல்லை என்று கவுகாத்தி உயர் நீதிமன்றம் அந்தத் தொகையை வங்கியே தர உத்தரவிட்டது. வங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்துவிட்டது. அவருக்குக் கைகொடுத்தது, உடனே கொடுத்த அந்தப் புகார்தான்.

பணம் எப்போது வரும்?

புகார் கொடுத்த 10 வேலை நாள்களுக்குள், விதிப்படி சேர வேண்டிய தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பணம் போன தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் என்பதால் வட்டியும் குறையாது. ஆனால், இது தற்காலிக வரவு. விசாரணை முடியும் வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாமல் வங்கி நிறுத்தி வைத்திருக்கலாம். விசாரணையை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். முடியவில்லை என்றாலும், யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலும், விதிப்படியான தொகையை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இங்கே நடைமுறையில் ஒரு குழப்பம் வருகிறது. பலர் 1930 என்ற சைபர் க்ரைம் எண்ணுக்குப் பேசிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். 1930-க்குப் பேச வேண்டியதும் அவசரம்தான். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிப் பிடிக்க அது உதவும். ஆனால், மேலே பார்த்த மூன்று நாள் கணக்கு, தன் வங்கிக்குத் தெரிவிப்பதை வைத்துத்தான் ஓடுகிறது. இரண்டையும் அன்றிரவே செய்துவிட வேண்டும்.

வங்கி கைவிரித்துவிட்டாலோ, 30 நாள்களாகியும் பதிலே இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கிக்கு எழுத்தில் கொடுத்த புகார், அதன் எண், வங்கியின் பதில், பணம் போன மெசேஜ் ஆகியவை கையில் இருந்தால் போதும். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் இங்கே சிக்கல்தான்.

ஆசிரியை கதையில் எல்லாமே அந்த 11:40 மெசேஜிலிருந்துதான் தொடங்கியது. பழைய செல்போன் எண்ணையே வங்கியில் விட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த மெசேஜே வராது. எண்ணை மாற்றியதை வங்கிக்குச் சொல்லாமல் இருந்ததே அலட்சியம் என்று வங்கி வாதிடவும் அது இடம் கொடுக்கும்.