காயலான் கடைக்கு ஒரு பெயர்

‘முருகன் டிரேடர்ஸ்’ என்று பலகை மாட்டினால் உள்ளே அரிசி விற்கிறார்களா, சிமென்டா என்றே தெரியாது. ‘காயலான் கடை’ என்றால் தெரியும். ஆனால் நூறு பழைய கணினிகளை ஒப்படைக்க வரும் கல்லூரி மேலாளர் தயங்குவார். ‘முருகன் மின்கழிவு சேகரிப்பு மையம்’ என்று வைத்தால் தொழில் புரியும், மதிப்பும் குறையாது.

‘ரீசைக்கிளிங்’ என்று சேர்க்கத்தான் பலருக்கும் ஆசை. அங்கேதான் சிக்கல். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கிச் சேர்த்து அனுப்புபவர் அந்தச் சொல்லைப் போட்டால், விவரமறிந்த வாடிக்கையாளர் முதலில் பதிவுச் சான்றிதழைத்தான் கேட்பார். கையில் சான்றிதழ் இல்லையென்றால் ‘சேகரிப்பு’ என்றே எழுதுங்கள்.